அத்தானின் நாடி 78: வெப்ப அறையில் நான் பிழையாக வாசித்த எண்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஈ.சி.ஜி. பதிவாளராக வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு, யாருடைய மணிக்கட்டைப் பிடித்தாலும் கண் தன்பாட்டில் வினாடி முள்ளைத் தேடும். கனடாவிலிருந்து என் அக்காவும் அத்தானும் மகனோடு திருகோணமலைக்கு வந்து நின்ற ஓர் ஆடி மாதத்தில், அந்தப் பழக்கமே என்னைப் பிழையான முடிவொன்றுக்குக் கொண்டுபோய் விட்டது. நடந்ததை எண்களோடு எழுதிவைத்தால், வயதுபோன பெற்றோரை வெந்நீர்க் குளியலுக்கோ சோனா என்னும் வெப்ப அறைக்கோ கூட்டிச்செல்பவர்களுக்கு அது உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர்கள் நிலாவெளிக் கடற்கரையில் சோனாவும் உள்ள ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். வெளியே கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருக்க, உள்ளே காசு கொடுத்து வேர்க்க வேண்டுமா என்று நான் கேட்டேன். மருமகன் சிரித்துவிட்டு, பின்லாந்தில் 2,315 ஆண்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கவனித்து 2015 இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னான். வாரத்தில் பல நாள் சோனாவில் இருந்தவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது என்பது அந்த ஆய்வின் முடிவு. அது உண்மைதான். ஆனால் அந்த ஆண்கள் சிறு வயதிலிருந்தே சோனாவுக்குப் பழகிய ஊரார். அடிக்கடி சோனாவுக்குப் போகக்கூடிய உடல்நிலை உள்ளவரே அடிக்கடி போயிருப்பார் என்பதையும் மறக்கக்கூடாது. அறுபத்தெட்டு வயதில், நான்கு ஆண்டுகளுக்கு முன் இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, அன்று மதியச் சாப்பாட்டோடு ஒரு பியரும் குடித்திருந்த என் அத்தானுக்கு அந்த ஆய்வு என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. அதை அன்று நான் கேட்கவில்லை.

அந்தச் சோனா, மரப்பலகை அடித்த சிறிய அறை. ஒரு மூலையில் மின்னடுப்பின் மேல் கற்கள் அடுக்கியிருந்தன. மேலும் கீழுமாக இரண்டு வாங்குகள். சுவரில் இருந்த வெப்பமானி 80 பாகை செல்சியஸ் காட்டியது. இத்தகைய அறையில் சூடான காற்று மேலே தேங்குவதால், மேல் வாங்கில் இருப்பவருக்குக் கீழ் வாங்கில் இருப்பவரைவிடக் கடுமையாகச் சுடும். அத்தான் மேலே ஏறி அமர்ந்தார். கைக்கடிகாரத்தையும் விரலில் மாட்டும் மானியையும் அந்தச் சூட்டுக்குள் கொண்டுபோவது சரியில்லை என்பதால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே தொங்கிய சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து, முதலில் என் நாடியையும் பிறகு அவருடைய நாடியையும் முப்பது வினாடிக்கு எண்ணி இரண்டால் பெருக்கினேன்.

உள்ளே போகும் முன் எனக்கு 74, அவருக்கு 58. ஐந்தாவது நிமிடத்தில் எனக்கு 96, அவருக்கு 66. பத்தாவது நிமிடத்தில் நான் 114 இல் நின்றேன். காதுக்குள் துடிப்புக் கேட்டது. பன்னிரண்டாவது நிமிடத்தில் எனக்கு 122, அவருக்கு 78. "பாத்தியா மச்சான், நீ என்னைவிட அஞ்சு வயது இளசு. ஆனா ஆருக்கு நெஞ்சு பலம் எண்டு இப்ப விளங்குதோ?" என்று கேட்டார். நானும் அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். மதியச் சாப்பாட்டுக் களைப்பு என்று அதையும் விட்டுவிட்டேன்.

பதினைந்தாவது நிமிடத்தில் அவர் மேல் வாங்கிலிருந்து ஒரே மூச்சில் இறங்கி, கதவைத் தள்ளி வெளியே இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் முழங்கால் மடிந்தது. நல்லவேளையாகப் பின்னால் வந்த மருமகன் அக்குளில் கைகொடுத்துப் பிடித்தபடியே தரையில் இறக்கிவிட்டான். முழங்காலில் ஒரு சிராய்ப்போடு போயிற்று. முகம் சாம்பல் நிறம், நெற்றியில் குளிர்ந்த வியர்வை. மணிக்கட்டில் நாடி அகப்படவே இல்லை. கழுத்தில் கை வைத்தபோது மெலிதாக, நிமிடத்துக்கு 52 என்ற வேகத்தில் துடித்தது. கதிரை ஒன்றை இழுத்து அவருடைய கால்களை அதன்மேல் தூக்கி வைத்தோம். அரை நிமிடத்துக்குள் கண் திறந்து, "என்ன நடந்தது?" என்றார். எழும்ப முயன்றவரை மருமகன் தோளில் கை வைத்துத் தடுத்தான். விடுதியில் இருந்த இரத்த அழுத்தமானி ஐந்து நிமிடம் கழித்து, படுத்த நிலையிலேயே, 92/58 காட்டியது. வழமையாக அவருக்கு மேல் எண் 128 ஐ ஒட்டி இருக்கும்.

இனி அந்த 78 ஐப் பற்றிப் பேசலாம்.

சூட்டில் நாடி ஏன் ஏறுகிறது என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. உடல் தன் சூட்டை வெளியே தள்ள, தோலின் இரத்தக் குழாய்களை அகலத் திறக்கிறது. சாதாரண நேரத்தில் தோலுக்குப் போகும் இரத்தம் நிமிடத்துக்கு அரை லீற்றர்கூட இராது. கடும் சூட்டில் அது ஆறு, ஏழு லீற்றர் வரையும் உயரக்கூடும். ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் அனுப்பும் மொத்த இரத்தமே ஐந்து லீற்றர் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மேலதிக இரத்தத்துக்கு எங்கிருந்தோ வழி தேட வேண்டும் என்பது விளங்கும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தத்தைக் குறைப்பது ஒரு வழி. இதயத்தை விரைவாக அடிக்க வைப்பது மற்றொன்று. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு பெரிதாகக் கூடாததால், கூடுதல் வேலை முழுவதும் துடிப்பின் எண்ணிக்கையில்தான் விழுகிறது. சோனாவில் 100 இலிருந்து 150 வரை நாடி ஏறுவது அதனால் வழக்கமான ஒன்று. என் 122 நோயின் அடையாளமன்று, திறந்துவிட்ட குழாய்களுக்கு ஈடுகொடுக்கும் உடலின் உழைப்பு.

அத்தான் தினமும் காலையில் பைசோபுரோலோல் 5 மில்லிகிராம் குளிசை போடுகிறவர். பீற்றா தடுப்பி என்னும் இந்த வகை மருந்து, இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புச் சமிக்ஞையைத் தணிக்கிறது. ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு அது நல்லதே. ஆனால் தோலின் குழாய்கள் அகலத் திறப்பதை அது நிறுத்தாது. ஆகவே எங்கள் இருவரிலும் குழாய்கள் அகலத் திறந்திருந்தன. என் இதயம் விரைந்து ஈடுகட்டியது, அவருடையது கட்ட முடியாமல் 78 இல் நின்றது. வண்டியின் பிரேக் கொஞ்சம் பிடித்திருக்க, ஏற்றம் ஏறச்சொன்ன மாதிரி. நான் பலம் என்று வாசித்த அந்த எண், உண்மையில் கட்டப்படாத கடன். அட்டெனோலோல், மெற்றோபுரோலோல், புரோபிரனோலோல் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் புரோபிரனோலோல் எழுதிக் கொடுப்பதுண்டு என்பதால், இதய நோயே இல்லாதவர் இந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டு அதைப் பற்றி யோசிக்காமலே இருக்கலாம்.

அத்தானிடம் இன்னொரு குளிசையும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது அக்கா. சிறுநீர் தடைப்படுவதற்காக இரவில் போடும் டம்சுலோசின். புரொஸ்டேற் சுரப்பிக்கென்று தரப்படும் இந்த மருந்து இரத்தக் குழாய்களையும் சற்றுத் தளர்த்தும். எழும்பி நிற்கும்போது அழுத்தம் இறங்குவது அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. அதற்கு மேல் பியர், அதற்கு மேல் சூடு. குழாய்களைத் தளர்த்துபவை மூன்று, இதயத்தை விரைய விடாதது ஒன்று. உட்கார்ந்திருக்கும்வரை இவை வெளியே தெரியாது. நிற்கும் நொடியில் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். சாதாரணமாக அந்த நொடியில் குழாய்கள் சுருங்கி, நாடி பத்து, இருபது ஏறி, தலைக்குப் போகும் ஓட்டத்தைக் காப்பாற்றும். அவரிடம் இரண்டுமே கைகொடுக்கவில்லை. விழுந்த பிறகு கழுத்தில் எண்ணிய 52 வேறு கதை: அழுத்தம் மிகவும் இறங்கும்போது சிலருக்கு உடலின் அனிச்சைச் செயல் தலைகீழாகத் திரும்பி, ஏறவேண்டிய நாடியைக் கீழே தள்ளிவிடும். கொட்டாவியும் குமட்டலும் கண் இருளுவதும் சத்தங்கள் தூரத்தில் கேட்பதுபோல் ஆவதும் அதற்கு முன் வரும் அறிகுறிகள். முப்பது ஆண்டுகள் இதயத்தின் வரைபடத்தைப் பார்த்த நான் அந்த இரண்டு கொட்டாவிகளைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி.யில் புதிதாக எதுவும் இல்லை. இரத்தப் பரிசோதனையிலும் இதயத்தசை சேதம் தெரியவில்லை. மயங்கி விழுந்த ஒருவர் தெளிந்துவிட்டார் என்று வீட்டோடு விட்டுவிடாமல் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் சூட்டில் வரும் மயக்கத்துக்கும் துடிப்புச் சீர்கேட்டால் வரும் மயக்கத்துக்கும் வெளிப்பார்வையில் வேறுபாடு தெரியாது. மயங்கியவர் ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, தெளிந்த பின் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றாலோ காரைத் தேடி ஓடாமல் அம்புலன்ஸ் எண்ணான 1990 ஐ அழைக்க வேண்டும். அத்தான் பைசோபுரோலோலை நிறுத்திவிடப் போவதாக அறிவித்தபோது, வைத்தியர் கண்டிப்பாகவே சொன்னார்: அந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம், நிறுத்த வேண்டியது சோனாவை.

அடுத்த வாரம் உவர்மலையில் என் வீட்டில் வைத்து, அக்காவின் முறைப்பைத் தாங்கிக்கொண்டு, ஒரு சிறு சோதனை செய்தோம். குளிப்பதற்கு முன், ஐந்து நிமிடம் கதிரையில் இருந்தபின் அத்தானுக்கு 126/76, நாடி 60. எழும்பி ஒரு நிமிடத்தில் 120/74, நாடி 65. பிறகு வெந்நீர் கலந்து, 40 பாகையில், பிளாஸ்டிக் முக்காலியில் இருந்தபடி பத்து நிமிடம் குளித்தார். துவாயால் துடைத்துக்கொண்டு இருந்தபோது 114/68, நாடி 66. மருமகன் பக்கத்தில் நிற்க, எழும்பி ஒரு நிமிடத்தில் 94/60, நாடி 70. அதே குளியலுக்குப் பிறகு எனக்கு இருக்கும்போது 120/74, நாடி 88. நிற்கும்போது 116/76, நாடி 102. என் நாடி பதினான்கு ஏறி அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டது. அவருடையது நான்குதான் ஏறியது, அழுத்தம் இருபது இறங்கியது. எழும்பி மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்குவதைத்தான் மருத்துவத்தில் நிலைமாற்றக் குறை அழுத்தம் என்கிறார்கள். சோனா வேண்டாம், ஒரு வாளி வெந்நீரே அந்த எல்லையைத் தொட்டுவிட்டது.

இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்யலாம். தேவை கையில் கட்டும் அழுத்தமானியும், பக்கத்தில் பிடிக்க ஓர் ஆளும்தான். பார்க்க வேண்டியது இருந்து எழும்பும்போது உள்ள வேறுபாட்டை. தனியாக ஒரு நாடி எண்ணை, அதிலும் குளிசை போடுகிறவரின் நாடி எண்ணை வைத்துக்கொண்டு உடல் சூட்டைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியாது. கையில் கட்டும் ஸ்மார்ட் கடிகாரங்கள் காட்டுவதும் பெரும்பாலும் இந்த ஒற்றை எண்ணைத்தான்.

அத்தான் கனடாவில் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் கிடந்து பழகியவர் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. தொட்டிக் குளியலில் சூட்டோடு இன்னொன்றும் சேர்கிறது. தண்ணீரின் கனம் கால்களையும் வயிற்றையும் சுற்றி அழுத்தி, அங்குள்ள இரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுகிறது. அதனால் உள்ளே கிடக்கும்வரை சுகமாகவே இருக்கும். எழும்பியதும் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய்விட, திறந்துபோன குழாய்களுக்குள் இரத்தம் இறங்குகிறது. ஜப்பானில் குளிர்காலத்தில் முதியவர்கள் குளியல் தொட்டியில் இறப்பது நெடுநாளைய கவலை. அங்குள்ள அரசின் நுகர்வோர் விவகார முகவரகம் தரும் அறிவுரை எளியது: தண்ணீர் 41 பாகைக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் கிடக்க வேண்டாம், சட்டென்று எழும்ப வேண்டாம், மது அருந்திய பின்னும் சாப்பிட்ட உடனும் இறங்க வேண்டாம். நான் இதில் ஒன்றைச் சேர்ப்பேன்: எழும்பும் முன் தொட்டியின் அடைப்பைத் திறந்து, தண்ணீர் வடியும்வரை உள்ளேயே இருக்கலாம். தண்ணீர் இறங்க இறங்க அழுத்தமும் மெல்லக் குறைவதால் உடலுக்கு அவகாசம் கிடைக்கும். தப்பித்தவறி மயங்கினாலும் மூழ்க நீர் இராது.

எங்கள் ஊரில் வெந்நீர்க் குளியல் என்றால் கன்னியாதான். நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் உள்ள அந்த ஏழு கிணறுகளும் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுபவை. நான் கொண்டுபோன வெப்பமானி ஒன்றில் 38 உம் இன்னொன்றில் 41 உம் காட்டியது. அங்கே யாரும் கிணற்றுக்குள் இறங்கிக் கிடப்பதில்லை. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்கிறோம். ஊற்றும் நீர் உடனே வழிந்தோட, திறந்தவெளியில் காற்றும் படுவதால் உடல் அவ்வளவு சூடேறாது. பதினைந்து வாளிக்குப் பிறகும் என் நாடி 74 இலிருந்து 92 க்குத்தான் போயிற்று. ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது குனிவதும் நிமிர்வதும். தாழ்ந்த சுவரின் மேலாகக் குனிந்து அள்ளி, நிமிர்ந்து தலையில் ஊற்றி, மறுபடி குனிவது என்பது, எழும்பி நிற்கும் சோதனையைப் பதினைந்து முறை திருப்பிச் செய்வதற்குச் சமம். இறந்தவருக்கான கிரியைகளுக்காக வருபவர்கள் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், பல நாள் தூக்கம் கெட்ட உடம்போடு வெயிலில் நிற்கிறார்கள். அவர்களில் பிரஷருக்கு நீர் போக்கும் குளிசை எடுக்கும் வயோதிபர்களும் இருக்கிறார்கள். உடலில் நீர் குறைந்திருந்தால் இதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தமும் குறையும். நாடி ஏறினாலும் ஏறின அளவுக்குப் பயன் கிடைக்காது. அவர்களை ஒரு கல்லில் இருத்தி, இளையவர் ஒருவர் அள்ளி ஊற்றினால் கிரியைக்கு ஒரு குறையும் வராது.

குளிர்ந்த நீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அன்று அத்தான் விழாமல் இருந்திருந்தால் நேரே அங்கேதான் போயிருப்பார். சோனாவுக்கு வெளியே ஐஸ் போட்ட தொட்டியொன்று வைத்திருந்தார்கள். அதன் வெப்பநிலை 12 பாகை. மருமகன் முதல் நாள் அதில் இறங்கியபோது என் விரல் அவன் மணிக்கட்டில் இருந்தது. வாய் பிளந்து காற்றை இழுத்தான், மூச்சு நாய் இரைப்பதுபோல் ஓடியது, நாடி 90 இலிருந்து 120 ஐத் தாண்டியது. தோலில் படும் திடீர்க் குளிருக்கு உடல் காட்டும் அதிர்ச்சி இது. முதல் அரை நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். அதே நேரத்தில் தோலின் குழாய்கள் இறுகி இரத்த அழுத்தமும் மேலே பாயும். குறுகிய இதயக் குழாய் உள்ளவருக்கு நெஞ்சுவலி வருவது இந்தத் தருணத்தில்தான். பிறகு அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் அமிழ்த்தினான். நாடி கண்முன்னே 70 க்குக் கீழே இறங்கியது. முகத்தில், அதிலும் மூக்கையும் கண்ணையும் சுற்றிக் குளிர் பட்டு மூச்சும் நின்றால், நீரில் மூழ்கும் விலங்குகளுக்கு நடப்பதுபோல நமக்கும் நாடி தணியும். ஒரு கட்டளை விரைந்து ஓடு என்கிறது, மற்றது நில் என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இதயத்துக்குப் போகும்போது துடிப்புத் தாளம் தவறுவதுண்டு. இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு அது தெரியாமலே கடந்துபோகலாம். ஆனால் ஏற்கெனவே தாளக் கோளாறு உள்ளவரும், குடும்பத்தில் இளவயதில் காரணம் தெரியாமல், அதிலும் நீந்தும்போது, திடீரென்று இறந்தவர் உள்ளவரும் ஐஸ் தொட்டியை விட்டு விலகி நிற்க வேண்டும்.

நமது வீட்டுக் கிணற்று நீரும் கூரைத் தாங்கி நீரும் இந்தக் கணக்கில் வராது. ஆடி மாதத்தில் என் வீட்டு ஷவரில் வந்தது 30 பாகை. அதைக் குளிர்ந்த நீர் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். மார்கழி விடியலில் சற்றுச் சில்லிடும், அவ்வளவே. அப்போதும் வயதானவர் காலில் தொடங்கி, கை, தோள் என்று ஊற்றி, மூச்சை விட்டபடியே கடைசியில் தலைக்கு வருவது நல்லது. இது எங்கள் அம்மம்மாக்கள் பிள்ளைகளுக்குச் செய்த முறைதான். குளிரில் விரல் நுனிக் குழாய்கள் இறுகிவிடுவதால் விரலில் மாட்டும் மானி அந்த நேரத்தில் எண்ணைக் காட்டாமலோ தாறுமாறாகவோ காட்டும். கழுத்திலோ மணிக்கட்டிலோ கையால் எண்ண வேண்டும். தாளம் ஒழுங்கில்லை என்று பட்டால் முப்பது வினாடி போதாது, முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

அத்தானைப் போன்றவர்களைத் தவிர வேறு யாருக்கு இந்தச் சூடு ஆகாது என்று கேட்டு அயலவர்கள் வந்தார்கள். மிகவும் அஞ்ச வேண்டியவர், இதயத்தின் வெளிவாசல் வால்வு கடுமையாகச் சுருங்கியவர். மற்றவர்களுக்கு இதயம் விரைந்தாவது கூடுதல் இரத்தத்தை அனுப்பும். இவருக்கு வாசலே குறுகலாக இருப்பதால் எவ்வளவு விரைந்தாலும் வெளியேறும் அளவு கூடாது, குழாய்கள் திறந்ததும் அழுத்தம் விழும். படி ஏறும்போது மயக்கம் அல்லது நெஞ்சு இறுக்கம் உள்ள முதியவர், எக்கோ பரிசோதனை செய்யாமல் சோனாப் பக்கம் போகக்கூடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவரும், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவரும் அப்படியே. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையைப் போட்ட பிறகு வெந்நீரில் நிற்பது ஆபத்து, ஏனென்றால் அந்தக் குளிசையின் வேலையே குழாய்களைத் தளர்த்துவது. சீனி வருத்தம் நெடுநாள் உள்ளவர்களுக்கு நாடியை ஏற்றியிறக்கும் நரம்புகளே பழுதுபட்டிருக்கலாம். பைசோபுரோலோல் இல்லாமலேயே அவர்களுடைய நாடி ஒரே இடத்தில் நிற்கும். கால் மரத்துப்போனவருக்கு நீரின் சூடும் தெரியாது, எனவே நீரை முழங்கையால் இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். இன்சுலின் ஊசி போட்ட உடனே சூட்டுக்குள் போனால் மருந்து விரைவாக இரத்தத்தில் கலந்து சீனி இறங்கும். அதன் வியர்வையை அறையின் வியர்வை மறைத்துவிடும். கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், உடலின் உட்சூட்டை ஏற்றும் சோனாவையும் நீராவி அறையையும் சூடான தொட்டியையும் தவிர்க்க வேண்டும். குழந்தையின் முள்ளந்தண்டு உருவாகும் காலம் அது.

நீராவி அறை என்றதும் ஒன்று. அங்கே வெப்பமானி 45 பாகையைத்தான் காட்டும்; 80 உடன் ஒப்பிட்டு அது லேசானது என்று நினைக்கிறார்கள். நீராவி நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாது, உடல் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும் ஒரே வழியும் அடைபடும். கச்சான் காலத்து உலர்ந்த வெயிலைவிட மழைக்கு முந்திய புழுக்கம் நம்மை வாட்டுவது எதனாலோ, அதனால்தான் இதுவும்.

அத்தான் திரும்பிப் போகும் முன் நான்கு பழக்கங்களுக்குச் சம்மதித்தார். சோனா இல்லை. வெந்நீர்க் குளியலை 40 பாகைக்குள், முக்காலியில் இருந்து, பத்து நிமிடத்தில் முடிப்பது. முடிந்ததும் இரண்டு நிமிடம் அதே முக்காலியில் இருந்து, கெண்டைக்காலை நாலைந்து தரம் இறுக்கித் தளர்த்தி, சுவரைப் பிடித்து எழும்புவது. காலைக் குளிசை போட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிப்பதில்லை என்பது நான்காவது. அதை அவருடைய வைத்தியரிடம் கேட்டு உறுதிப்படுத்தச் சொன்னேன். போன மாதம் தொலைபேசியில் பேசியபோது, முக்காலி வாங்கிவிட்டதாகவும், ஆனால் அது தன்னைக் கிழவனாக்குகிறது என்றும் குறைப்பட்டார். எழும்பி நின்றபோது எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். 112/70, நாடி 66 என்றார். பின்னாலிருந்து அக்கா, "சுவரைப் பிடிக்காமல்தான் எழும்பினவர்" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.